ரிலே விடாமல் பிடித்துக்கொண்ட கதை

மொட்டை மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த நானே ஒரு சர்க்யூட் செய்து மாட்டினேன். பத்து நாள் ஒழுங்காக ஓடியது. பதினோராம் நாள் காலையில் மாடிப்படியெல்லாம் அருவி. கழற்றிப் பார்த்தேன். மைக்ரோகன்ட்ரோலர் 'நிறுத்து' என்று சரியாகத்தான் சொல்லியிருந்தது. ரிலேதான் விடவில்லை. நடுவில் இருந்த டிரான்சிஸ்டரில் கலெக்டரும் எமிட்டரும் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தன.

டிரான்சிஸ்டர் எதற்கு நடுவில் வந்தது? என்னிடம் இருந்தது மோட்டாரின் கான்டாக்டரை இழுக்கும் சின்ன 12 வோல்ட் ரிலே. அதன் காயில் 400 ஓம், அதாவது 30 மில்லிஆம்பியர் கேட்கும். 5 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலரின் காலிலிருந்து அதை நேரே ஓட்ட முடியாது. அதனால் காயிலின் ஒரு முனை 12 வோல்ட்டுக்கு, மறுமுனை பிசி 547 டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கு, எமிட்டர் தரைக்கு. பேஸுக்குச் சிறு கரண்ட் கொடுத்தால் கலெக்டர் வழியாகப் பெரிய கரண்ட் ஓடும்.

எவ்வளவு சிறு கரண்ட் என்பதில்தான் பலரும் வழுக்குகிறோம். பேஸ் கரண்ட்டை டிரான்சிஸ்டர் எத்தனை மடங்கு பெருக்குகிறது என்பதுதான் கெயின். அதை 200 என்று வைத்து 30-ஐ 200-ஆல் வகுத்தேன். 0.15 மில்லிஆம்பியர் போதும் என்று வந்தது. பேஸில் 27 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டேன். ஒரு டிரான்சிஸ்டரில் ரிலே 'டிக்' என்றது. அதே பெயர் கொண்ட இன்னொன்றில் பேச்சுமூச்சில்லை. பிசி 547-இன் கெயின் 110-லிருந்து 800 வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது டேட்டாஷீட்டிலேயே இருக்கிறது. 110 உள்ளது கையில் சிக்கினால் காயிலுக்குக் கிடைப்பது 17.5 மில்லிஆம்பியர், அதாவது 7 வோல்ட். இந்த வகை ரிலே இழுக்கக் கிட்டத்தட்ட 9 வோல்ட் வேண்டும். மீதி 5 வோல்ட் டிரான்சிஸ்டர் மேல் விழுந்து அதைச் சூடாக்கும்.

வயலில் மடையைப் பாதி திறந்தால் எவ்வளவு தண்ணீர் பாயும் என்பதை மடை தீர்மானிக்கும். முழுக்கத் திறந்துவிட்டால் வாய்க்கால்தான் தீர்மானிக்கும். சுவிட்ச்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர் முழுக்கத் திறந்த மடையாக இருக்க வேண்டும். இந்த நிலைக்குத்தான் சாச்சுரேஷன் என்று பெயர். அப்போது கரண்ட்டை முடிவு செய்வது காயிலின் 400 ஓம்; டிரான்சிஸ்டரின் கெயின் அல்ல. அதற்கு பேஸுக்குத் தாராளமாகவே கொடுக்க வேண்டும். கலெக்டர் கரண்ட்டில் பத்தில் ஒரு பங்கு என்பது வழக்கமான கணக்கு. 30-க்கு 3 மில்லிஆம்பியர். பேஸுக்கும் எமிட்டருக்கும் இடையே 0.7 வோல்ட் போய்விடும். ஆக,

(5 − 0.7) ÷ 0.003 = 1433 ஓம்

கடையில் கிடைக்கும் 1.5 கிலோஓம் சரியாக இருக்கும். 1 கிலோஓம் போட்டாலும் 4.3 மில்லிஆம்பியர்தான்; கெட்டுப்போகாது. மைக்ரோகன்ட்ரோலர் 3.3 வோல்ட் என்றால் 820 ஓம்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க, ரிலே இழுத்திருக்கும்போது கலெக்டருக்கும் எமிட்டருக்கும் நடுவே மல்டிமீட்டரை வையுங்கள். 0.1, 0.2 வோல்ட் என்றால் மடை முழுக்கத் திறந்திருக்கிறது. 1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பேஸுக்குப் போதவில்லை. 'டிக்' சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

ரெசிஸ்டரைத் திருத்திய பிறகுதான் அந்தப் பத்து நாள் ஓட்டம். அப்படியானால் பதினோராம் நாள் செத்தது எதனால்? காயில் என்பது சுற்றிய கம்பி. தன்னில் ஓடும் கரண்ட்டைச் சட்டென்று நிறுத்த அது விடாது. டிரான்சிஸ்டர் வழியை அடைத்ததும், அந்த 30 மில்லிஆம்பியரை எப்படியாவது தள்ளிவிட வோல்ட்டேஜை ஏற்றிக்கொண்டே போகும். பிசி 547 தாங்குவது 45 வோல்ட். ஒவ்வொரு முறை ரிலே விடும்போதும் அதற்கு மேலே ஓர் அடி விழுகிறது. நான் டையோடு போடவில்லை.

காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு, கோடு போட்ட முனை 12 வோல்ட் பக்கம். சாதாரண நேரத்தில் அது சும்மா இருக்கும். டிரான்சிஸ்டர் அடைத்ததும் கரண்ட் அதன் வழியாகக் காயிலுக்கே சுற்றி வந்து அடங்கும். கலெக்டரில் 13 வோல்ட்டைத் தாண்டாது. பெரிய டையோடு வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். காயிலில் ஓடிய 30 மில்லிஆம்பியருக்கு மேல் அதில் வராது, 1என்4148 போதும். எங்கும் கிடைக்கும் 1என்4007-உம் சரிதான். தலைகீழாக மட்டும் போட்டுவிடாதீர்கள்: டிரான்சிஸ்டர் திறந்ததும் 12 வோல்ட் நேரே டையோடு வழியாக அதன் மேல் பாயும்.

ஒரு சின்ன விலை உண்டு. கரண்ட் மெதுவாக அடங்குவதால் ரிலேவும் கொஞ்சம் மெதுவாகவே விடும். கான்டாக்ட்டில் தீப்பொறி கூடலாம். அடிக்கடி பெரிய லோடை வெட்டும் இடத்தில் டையோடோடு தொடராக, எதிர்த் திசையில் 24 வோல்ட் ஜீனர் ஒன்றைச் சேர்ப்பார்கள். அப்போது கலெக்டரில் 37 வோல்ட் அளவில் நிற்கும், 45-க்குள்தான். ஒரு நாளைக்கு இரண்டு முறை ஓடும் தொட்டி மோட்டாருக்கு அது தேவையில்லை. நான் வெறும் 1என்4007 போட்டேன். மாடிப்படி இன்றுவரை உலர்ந்தே இருக்கிறது.