எந்தத் தேதி தோதுப்படும்?

“உங்களுக்கு எப்போது வசதி?” என்று ஐந்து இயக்குநர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினால் ஐந்து விதமான பதில் வரும். ஒருவர் “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்பார். இன்னொருவர் பதிலே போடமாட்டார். அனுபவமுள்ள நிர்வாக உதவியாளர் அப்படிக் கேட்பதில்லை. முதலில் சட்டத்தைப் பார்த்து நாள்காட்டியில் ஒரு கோடு போட்டுக்கொள்வார்.

2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, பொதுவாக ஒரு நிறுவனத்தின் இயக்குநர் குழு ஆண்டுக்கு நான்கு முறையாவது கூட வேண்டும். இரண்டு கூட்டங்களுக்கு இடையே 120 நாளுக்கு மேல் போகக்கூடாது. பங்குச் சந்தையில் இல்லாத ஒரு கோவை நிறுவனத்தை உதாரணமாக வைத்துக்கொள்வோம். கடைசிக் கூட்டம் மே 20 என்றால், அடுத்ததற்குக் கெடு செப்டம்பர் 17.

உதவியாளர் மூன்று நேரங்களை மட்டும் கொடுக்கிறார்: செப்டம்பர் 9 மாலை 3 மணி, 11 காலை 11 மணி, 16 மாலை 3 மணி. எல்லாம் இந்திய நேரம். “மூன்றுக்கும் தனித்தனியாக முடியும், முடியாது என்று எழுதுங்கள். நேரில் வருகிறீர்களா, காணொளியிலா? புதன் மாலைக்குள் பதில் தேவை.” அவ்வளவுதான் கடிதம். தனித்தனியாகக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. “11 ஓகே” என்று ஒருவர் எழுதினால், மற்ற இரண்டு நாளும் முடியாது என்று அர்த்தமாகிவிடாது.

பதில்கள் வருகின்றன. நிர்வாக இயக்குநருக்கு எந்த நாளும் சரி. தலைவருக்கு 9, 16. லண்டனில் இருப்பவருக்கும் அவைதான். இங்கே காலை 11 என்றால் செப்டம்பரில் அங்கே விடிகாலை 6.30. சிங்கப்பூர்க்காரர் 16-ஐத் தள்ளிவிட்டார். ஐந்தாமவர் எழுதியதுதான் அந்த “11 ஓகே”.

சட்டப்படி ஐந்து பேரில் இருவர் இருந்தாலே கோரம் சேர்ந்துவிடும், காணொளியில் வருபவரும் கணக்கில் உண்டு. ஆனால் அந்த இருவரை நம்பி எந்தத் தலைவரும் கூட்டம் போடமாட்டார். எனவே ஐந்தாமவரின் அலுவலகத்துக்கு ஒரு போன். 9-ஆம் தேதி மதியம் வரை கல்யாணமாம். 4 மணிக்கு மேல் வரலாமாம். நேரம் மாறியதால், சரி என்று சொல்லிவிட்ட நால்வரிடமும் மறுபடி கேட்க வேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். லண்டனில் அது காலை 11.30, சிங்கப்பூரில் மாலை 6.30. யாருக்கும் ஆட்சேபம் இல்லை.

இவ்வளவும் முறைப்படியான அறிவிப்பு ஆகாது. அதைக் கூட்டத்துக்கு 7 நாள் முன்னதாகவாவது எழுத்தில் அனுப்ப வேண்டும். அனுப்பும் நாளையும் கூட்ட நாளையும் கழித்துக் கணக்கிட்டால் வம்பில்லை. அப்படிப் பார்த்தால் செப்டம்பர் 1-க்குள் அது போயாக வேண்டும்.

அன்று மாலையே உதவியாளர் ஐந்து பேரின் நாள்காட்டியிலும் பிடித்துவைத்திருந்த 11, 16 இரண்டையும் நீக்கிவிடுகிறார். மறந்திருந்தால், “அந்த இரண்டு நாளும் எதற்கு என்னைக் கட்டிப்போட்டீர்கள்?” என்று தலைவரே கேட்டிருப்பார்.