மின்விசிறி மெதுவாகச் சுற்றினால்…

ரெகுலேட்டரை ஐந்தில் வைத்தும் காற்று வரவில்லையா? பலர் உடனே ரெகுலேட்டரை மாற்றுகிறார்கள். பழுது பெரும்பாலும் விசிறியின் மேல் கிண்ணத்துக்குள் இருக்கும் சிறிய கெபாசிட்டரில்தான்.

மோட்டாரில் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்றில் மின்சாரம் நேராகப் பாய்கிறது. மற்றதில் கெபாசிட்டர் வழியாகச் சற்று முந்திப் பாய்கிறது. இந்த நேர வித்தியாசமே காந்தப்புலத்தைச் சுழல வைக்கிறது.

வழக்கமான அளவு 2.5 மைக்ரோஃபாரட். வெப்பத்தாலும் மின்னழுத்த எகிறலாலும் உள்ளிருக்கும் உலோகப் பூச்சு சிறிது சிறிதாக அழிகிறது. 1.5 ஆகக் குறைந்தால் விசிறி தளர்ந்துவிடும். முழுவதும் போய்விட்டால் உறுமும், சுழலாது. குச்சியால் தள்ளினால் தள்ளிய திசையில் சுற்றத் தொடங்கும். மெயினை அணைத்துவிட்டு, அதே அளவுள்ள புதியதை எலக்ட்ரீஷியனைக் கொண்டு மாற்றலாம்.

ரெகுலேட்டரின் கோளாறு வேறு விதம். பழைய பெட்டி ரெகுலேட்டர் மின்தடையால் வேகத்தைக் குறைத்து, மிச்சத்தை வெப்பமாக வீணாக்கியது. திருகும் எலக்ட்ரானிக் வகை மின்னலையின் ஒரு பகுதியை வெட்டுகிறது. அதனால் குறைந்த வேகத்தில் ரீங்காரம் எழும். படிப்படியாக மாற்றும் கெபாசிட்டர் வகை அலையை வெட்டாமல் மின்னழுத்தத்தை மட்டும் குறைப்பதால் சத்தம் குறைவு.

முழு வேகத்தில் ரீங்காரம் மறைந்தால், சந்தேகிக்க வேண்டியது ரெகுலேட்டரை.