கைத்தடி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும்?

தாத்தா ஊன்றிய கைத்தடி அவருக்குப் பின் பாட்டியின் கைக்கு வருவது நம் வீடுகளில் சாதாரணமாக நடப்பது. தடி இன்னும் உறுதியாக இருக்கிறது, பிடியும் கைக்குப் பழகியது, எதற்குப் புதிது வாங்க வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள். செருப்பு வாங்கும்போது காலை நுழைத்துப் பார்க்காமல் நாம் கடையை விட்டு வருவதில்லை. தடிக்கு மட்டும் அளவு என்று ஒன்று இருப்பதே பலருக்குத் தோன்றுவதில்லை.

தடியின் உயரத்தை அறிய ஆளின் உயரத்தைக் கேட்டால் போதாது. ஒரே உயரமுள்ள இருவரில் ஒருவருக்குக் கை நீளமாக இருக்கும், மற்றவருக்குக் கால் நீளமாக இருக்கும். இடுப்பெலும்பின் வெளிப்புற மேடு வரை அளப்பதும் ஒரு வழக்கம்தான். ஆனால் அந்த மேடு சேலைக்கும் சதைக்கும் அடியில் ஒளிந்திருப்பதால், பழகாத கைக்கு அகப்படாது. மணிக்கட்டு ரேகை அப்படி இல்லை. கண்ணுக்கு நேராகத் தெரியும், யாரும் அளக்கலாம். தளர்வாக நின்று, தொங்கும் கையின் மணிக்கட்டு ரேகையிலிருந்து தரை வரை எவ்வளவோ, தடியின் பிடி அவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும்.

அளக்கும் முறை

அளப்பதற்கு இன்னொருவர் வேண்டும். தனக்குத் தானே அளப்பவர் நாடாவைப் பார்க்கக் குனிவார். குனிந்த உடனே தோள் இறங்கும், தோளோடு மணிக்கட்டும் இறங்கும், கணக்கு சில செ.மீ. குறைந்துவிடும்.

வெளியே நடக்கும்போது போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு சமதரையில் நிற்கச் சொல்லுங்கள். பார்வை நேராக இருக்கட்டும். கைகளை ஒருமுறை உதறி, அப்படியே பக்கத்தில் தொங்கவிடச் சொல்லுங்கள். அளக்கப்போகிறார்கள் என்றாலே பலர் விறைத்து நிமிர்ந்து தோளைத் தூக்கிக்கொள்வார்கள். அந்த விறைப்பு போன பிறகே நாடாவை எடுக்க வேண்டும். நிற்கத் தடுமாறுபவர் ஒரு கையால் மேசையைத் தொட்டுக்கொள்ளலாம், அதில் சாயக் கூடாது.

உள்ளங்கைப் பக்கம் மணிக்கட்டை லேசாக மடக்கினால் இரண்டு மூன்று ரேகைகள் தெரியும். அவற்றில் உள்ளங்கைக்கு மிக அருகில் உள்ளதுதான் நமக்கு வேண்டியது. பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, கையை மறுபடி தொங்கவிட்டு, அங்கிருந்து தரை வரை நாடாவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். உடலின் வளைவோடும் சேலை மடிப்போடும் நாடா வளைந்து போகக் கூடாது.

எந்தக் கையை அளப்பது? தடி பிடிக்கப் போகும் கையை. அது வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கை. வலது முழங்கால் வலித்தால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது காலை எடுத்து வைக்கும்போதே தடியும் முன்னே போக வேண்டும். வலிக்கிற பக்கமே தடியைப் பிடித்தால் உடல் அந்தப் பக்கமே சாய்கிறது, சுமை குறைவதில்லை.

ரேகையில் என்ன இருக்கிறது?

கை நேராகத் தொங்கும்போது உள்ளங்கை மணிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது. தடியின் பிடியை மணிக்கட்டு உயரத்தில் வைத்தால், அதைப் பிடிக்க உள்ளங்கை சற்று மேலே வர வேண்டும். அதற்காக முழங்கை தானாகவே கொஞ்சம் மடங்குகிறது. அந்த மடிப்பு 15 முதல் 30 டிகிரி வரை இருப்பது நல்லது என்பது இயன்முறை மருத்துவர்கள் பின்பற்றும் கணக்கு.

தடியை அழுத்தும்போது உடலைத் தாங்குவது மேற்கையின் பின்புறத் தசை. அது முழங்கையை நீட்டும் தசை. முழங்கை சற்று மடங்கியிருந்தால்தான் அது நீட்டித் தள்ள இடம் இருக்கும். ஏற்கெனவே முழுதாக நீண்டுவிட்ட கையால் தள்ள முடியாது. தரையின் அதிர்ச்சி நேரே தோளுக்குப் போகும். ரொம்பவும் மடங்கிய கையாலும் தள்ள முடியாது. தசை சீக்கிரம் களைத்துவிடும். இரண்டுக்கும் நடுவே கையை நிறுத்தும் எளிய அடையாளம்தான் அந்த ரேகை.

ஒரு பாட்டியும் ஒரு பழைய தடியும்

ஒரு பாட்டியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உயரம் 152 செ.மீ. வலது முழங்காலில் தேய்மானம். இடது மணிக்கட்டு ரேகையிலிருந்து தரை வரை, செருப்போடு 74 செ.மீ. அவர் கையில் இருப்பது 170 செ.மீ. உயரமுள்ள கணவரின் வளைபிடித் தடி. பிடியின் உச்சியிலிருந்து அடி ரப்பர் வரை 84 செ.மீ. அதாவது 10 செ.மீ. அதிகம். இந்தத் தடியைப் பிடித்தால் அவருடைய இடது தோள் காதை நோக்கி ஏறும், முழங்கை மிகவும் மடங்கும். அவர் தடியைத் தூக்கிக்கொண்டுதான் நடப்பார், ஊன்றி நடக்கமாட்டார். முழங்கால் வலி குறையாததோடு கழுத்து வலியும் சேரும்.

மரத்தடி என்றால் அறுத்துக் குறைக்கலாம். முதலில் அடி ரப்பரைக் கழற்றுங்கள். அதன் அடிப்பாகத்தின் தடிமன் 1 செ.மீ. என்றால் மரம் 73 செ.மீ. இருக்க வேண்டும். இப்போது மரம் 83 செ.மீ. இருப்பதால் அறுக்க வேண்டியது 10 செ.மீ. அதை ஒரே அடியாக அறுக்காதீர்கள். முதலில் 8 செ.மீ. அறுத்து, ரப்பரை மாட்டி, நாலு எட்டு நடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு மீதியை எடுங்கள். அறுத்த மரம் ஒட்டாது. இன்னொன்று, பல மரத்தடிகள் கீழே போகப்போக மெலியும். 10 செ.மீ. போன பிறகு நுனி தடித்திருக்கும், பழைய ரப்பர் ஏறாது. அறுத்த தடியைச் சர்ஜிகல் கடைக்குக் கொண்டுபோய், நுனியில் இறுக்கமாக உட்காரும் ரப்பரை வாங்கிப் போடுங்கள். ரப்பர் இல்லாத தடி ஈரத் தரையில் வழுக்கும்.

அலுமினியத் தடி என்றால் பொத்தானை அழுத்தி உயரத்தை மாற்றலாம். துளைகள் பொதுவாக ஓர் அங்குல இடைவெளியில் இருக்கும். 74 என்பதில் சரியாக நிற்காமல் போகலாம். அருகிலுள்ள இரண்டு துளைகளிலும் வைத்து நடந்து பார்த்து, தோள் மட்டமாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பொத்தான் துளையை விட்டு முழுதாக வெளியே துருத்தியிருக்கிறதா, அதன் மேல் வளையம் இருந்தால் இறுகியிருக்கிறதா என்பதைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். பாதி மாட்டிய பொத்தான் எடை விழும்போது உள்ளே போய்விடும்.

வீட்டுக்குள் நாம் வெறுங்காலோடு நடப்பவர்கள். செருப்பின் அடி 2 செ.மீ. என்றால் வெளியே பொருந்திய தடி உள்ளே 2 செ.மீ. உயரம். அது பெரும்பாலோருக்குத் தொந்தரவு தராது. நாள் முழுவதும் வீட்டிலேயே இருப்பவருக்கு வெறுங்காலில் அளப்பதே சரி.

பொருந்தியதா என்று பார்க்க

தடியின் நுனியைச் சுண்டுவிரலுக்குச் சுமார் 15 செ.மீ. தள்ளி, சற்று முன்னால் ஊன்றி நிற்கச் சொல்லுங்கள். பக்கவாட்டில் நின்று முழங்கையைப் பாருங்கள். லேசான மடிப்பு தெரிய வேண்டும். பிறகு பின்னால் போய் இரண்டு தோள்களையும் பாருங்கள். தடிப் பக்கத் தோள் ஏறியிருந்தால் தடி உயரம். அந்தத் தோள் இறங்கி, உடல் தடிப் பக்கம் சாய்ந்து, முழங்கை விறைப்பாக நீண்டிருந்தால் தடி குட்டை. குட்டைத் தடியோடு பல நாள் நடப்பவர் இடுப்பு வலிக்கிறது என்பார். தடிதான் காரணம் என்று அவருக்குத் தோன்றாது.

அக்குள் கட்டைக்கு இரண்டு அளவு

எலும்பு முறிவுக்குப் பின் தரும் அக்குள் கட்டைகளிலும் கைப்பிடிக்கு இதே மணிக்கட்டு ரேகைதான் கணக்கு. ஆனால் அங்கே மேல் திண்டின் உயரம் என்று இரண்டாவது அளவும் உண்டு. நேராக நிற்கும்போது அக்குளுக்கும் திண்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். திண்டு அக்குளைத் தாங்குவதற்காக அல்ல, விலாவோடு அணைத்துக்கொள்வதற்காக. எடை முழுவதும் உள்ளங்கையில் விழ வேண்டும்.

கைப்பிடி ரேகைக்குக் கீழே இருந்தாலோ திண்டு உயரமாக இருந்தாலோ ஆள் அக்குளில் தொங்கத் தொடங்குவார். அக்குள் வழியாகக் கைக்குப் போகும் நரம்புகள் நசுங்கும். முதலில் விரல்களில் மரமரப்பு வரும். கவனிக்காமல் விட்டால் மணிக்கட்டை மேலே தூக்க முடியாமல் கை தொங்கிப்போகும். மரமரப்பு தெரிந்த அன்றே கட்டையின் உயரத்தைச் சரிபார்த்து, மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

ரேகை உதவாத இடங்கள்

முதுகு வளைந்த முதியவரை நிமிர்த்தி நிறுத்தி அளந்தால் கிடைப்பது அவர் நடக்காத நிலையின் அளவு. சில அடி நடக்கவிட்டு, அவர் இயல்பாக நிற்கும் கூனிலேயே அளக்க வேண்டும். கூன் ஆண்டுக்கு ஆண்டு கூடலாம் என்பதால் முன்பு பொருந்திய தடி இப்போது உயரமாகிவிட்டிருக்கும். முழங்கையை நீட்டவே முடியாதவருக்குத் தொங்கும் கையின் ரேகை உண்மையான உயரத்தைத் தராது. அவருக்கு இயன்முறை மருத்துவர்தான் பொருத்த வேண்டும்.

அளவு சரியாக இருந்தும் ஒருவர் தடியின் மேல் முழு உடலையும் சாய்த்து நடந்தால், அவருக்குத் தேவை ஒற்றைத் தடி அல்ல, நான்கு கால் வாக்கர். அதன் பிடிக்கும் இதே ரேகை அளவுதான். பக்கவாதம் வந்தவர், தலைசுற்றி விழுபவர் ஆகியோருக்கு எந்தத் துணைக்கருவி என்பதை வீட்டில் முடிவு செய்ய வேண்டாம்.

மற்றவர்களுக்கு ஒரு தையல் நாடாவும் ஐந்து நிமிடமும் போதும். உங்கள் வீட்டில் தடி ஊன்றும் பெரியவர் இருந்தால் இன்றே அளந்து பாருங்கள். அப்படியே தடியைத் திருப்பி அடி ரப்பரையும் பாருங்கள். வரிகள் தேய்ந்து வழவழப்பாகியிருந்தால் நாளைக்கே மாற்றிவிடுங்கள்.