சம்பளம் எவ்வளவு என்று கேட்கலாமா?

சென்ற மாதம் நமது சங்க நூலகத்தில் செம்பூர் அன்பர் ஒருவரைச் சந்திக்க நேர்ந்தது. கையில் ஒரு தாள் வைத்திருந்தார். முகத்தில் மகிழ்ச்சியும் ஐயமும் கலந்து காணப்பட்டன. பெங்களூரில் உள்ள ஒரு கம்பெனி அவருடைய மகளுக்கு ஆண்டொன்றுக்கு 12 இலட்சம் ரூபாய் ஊதியத்தில் வேலை தருவதாக எழுதியிருந்தது.

"மாதம் ஓர் இலட்சம் என்று ஊரிலுள்ள உறவினர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டேன். ஆனால் இந்தத் தாளைப் பார்த்தால் எங்கோ இடிக்கிறது. நீங்களும் சற்றுப் பாருங்கள்" என்றார்.

விளம்பரத்தில் சம்பளம் குறித்திருந்தார்களா என்று வினவினோம். "தகுதிக்கேற்ற ஊதியம்" என்ற இரண்டு சொற்களே இருந்தனவாம். நான்கு முறை நேர்முகம் நடந்தும் அந்தப் பெண் ஒருமுறையேனும் கேட்கவில்லை. கேட்டால் பேராசைக்காரி என்று எண்ணிவிடுவார்கள் என்ற அச்சமே காரணம்.

இவ்வச்சம் நம் வீடுகளில் எங்ஙனம் வந்தது என்பதை எண்ணிப் பார்த்தோம். தில்லிக்கும் பம்பாய்க்கும் நம்மவர் உத்தியோகம் தேடி வந்த நாளில், சம்பளத்தைக் கேட்க வேண்டிய தேவையே பெரும்பாலோர்க்கு இருந்ததில்லை. இரண்டாவது ஊதியக் குழுவுக்குப் பின் மத்திய அரசின் கீழ்நிலை எழுத்தருக்கு 110 முதல் 180 ரூபாய் என்பது நாடறிந்த அளவு. தொடக்கம் எவ்வளவு, ஆண்டு உயர்வு எவ்வளவு, முடிவு எவ்வளவு என எல்லாமே அச்சில் இருந்தன. இன்றும் அரசுப் பணி விளம்பரங்களில் அவ்வழக்கம் மாறவில்லை. ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணையில் பத்தாம் நிலைக்கு 56,100 முதல் 1,77,500 ரூபாய் என்று இருப்பதைக் காணலாம். புதிதாகச் சேர்பவர் 56,100இல் தொடங்குவார். மேல் எண் பல்லாண்டு கழித்து எட்டக்கூடியது. இதனை நம் பெரியவர்கள் நன்கறிவர்.

தனியார் கம்பெனிகளும் உள்ளே இத்தகைய வரம்பு ஒன்றை வகுத்தே வைத்திருக்கின்றன. ஓரிடத்திற்கு ஆள் எடுக்க அனுமதி பெறும்போதே இத்தனை முதல் இத்தனை வரை என்று பணம் ஒதுக்கப்பட்டுவிடும். வெளியில் சொல்லாமைக்குக் காரணங்கள் உண்டு. முன்பே பணியிலிருப்பவர், புதியவருக்குத் தம்மினும் அதிகம் என்று அறிந்தால் குறைப்படுவர். போட்டிக் கம்பெனிகளும் அறிந்துகொள்ளும். யாவற்றினும் பெரிய காரணம், வரம்பை அறியாத விண்ணப்பதாரர் தாமே குறைவாகக் கேட்டுவிடக் கூடும் என்பதே.

இதனாலேயே கம்பெனியின் ஆளெடுப்பு அலுவலர் முதல் தொலைபேசிப் பேச்சிலேயே "இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள்? எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?" என்று கேட்டுவிடுகிறார். பழைய சம்பளத்தின்மேல் நூற்றுக்கு இருபதோ முப்பதோ கூட்டித் தருவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. முதல் வேலையில் குறைவாகத் தொடங்கியவர் ஒவ்வொரு மாற்றத்திலும் அந்தக் குறைவையும் சுமந்துகொண்டே செல்கிறார். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2021 முதல் விளம்பரத்திலேயே வரம்பைக் குறிக்க வேண்டுமெனச் சட்டம் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் பிறப்பித்த ஆணை, பழைய சம்பளத்தைக் கேட்பதையே தடுக்கிறது. நம் நாட்டில் தனியார் விளம்பரத்தில் சம்பள வரம்பை அச்சிட வேண்டும் என்ற பொதுவான கட்டாயம் இல்லை. ஆகவே கேட்டுத்தான் அறிய வேண்டியிருக்கிறது.

இனி அன்பர் கொணர்ந்த தாளுக்கு வருவோம். அதில் கண்ட 12 இலட்சம் "சி.டி.சி." எனப்படுவது. அவளுக்காகக் கம்பெனி செய்யும் மொத்தச் செலவே அது. அவள் கைக்கு வரும் பணம் அன்று.

பென்சிலை எடுத்துக் கழிக்கத் தொடங்கினோம். வேலைத்திறனையும் கம்பெனியின் இலாபத்தையும் பார்த்து ஆண்டு முடிவில் தருவதாகச் சொன்ன மாறும் ஊதியம் 1,20,000. அடிப்படைச் சம்பளமாகிய 6 இலட்சத்தின்மேல் நூற்றுக்கு 12 வீதம் கம்பெனி செலுத்தும் பிராவிடண்டு பண்டு 72,000. பணிக்கொடைக்கென நூற்றுக்கு 4.81 வீதம் 28,860. மருத்துவக் காப்பீட்டுக் கட்டணம் 15,140. இவை போக நின்றது 9,64,000. அதாவது மாதம் 80,333. அதிலும் அவள் பங்காகிய பிராவிடண்டு பண்டு 6,000, தொழில்வரி 200 ஆகியவை பிடித்தம். 2025-26 ஆண்டின் புதிய முறைப்படி இவ்வளவு வருமானத்திற்கு வருமான வரி இல்லை என்பது ஓர் ஆறுதல். ஆக, மாதந்தோறும் கைக்கு வருவது ஏறத்தாழ 74,000.

பிராவிடண்டு பண்டு அவளுடைய பணமே, பின்னால் கிடைக்கும். பணிக்கொடையோ நிரந்தரப் பணியாளர்க்குப் பொதுவாக ஐந்தாண்டு நிறைந்த பின்னரே உரியது. மூன்றாண்டில் வேறிடம் செல்பவர்க்கு அந்த 28,860 காகிதத்தில் கண்ட எண்ணாகவே நின்றுவிடும்.

அன்பர் சற்று நேரம் பேசவில்லை. மகள் இப்போது பெற்றோருடன் இருந்துகொண்டு மும்பையிலேயே 61,000 கையில் பெறுகிறாள். பெங்களூரில் அறை வாடகையும் உணவும் மாதம் 20,000க்குக் குறையாது என்று அவளுடைய தோழி தெரிவித்திருந்தாள். கூடுதலாக வரும் 13,000 அதற்கே போதவில்லை. இருக்கும் வேலையை விட மூன்று மாத முன்னறிவிப்பு வேறு கொடுக்க வேண்டும். வரம்பை முதலிலேயே கேட்டிருந்தால் நான்கு நேர்முகங்களும் அதற்கு எடுத்த விடுப்பும் மிச்சமாகியிருக்கும்.

கேட்பதற்கு ஏற்ற நேரம் முதல் பேச்சே. பேரம் பேசுவது வேறு. அது அவர்கள் நம்மைத் தேர்ந்தெடுத்த பின் செய்வது. வரம்பு கேட்பதோ, இருபாலார் காலமும் வீணாகாதிருக்கச் செய்வது. "இப்பணிக்கு ஒதுக்கியுள்ள வரம்பு என்ன? அதில் நிலையான பகுதி எவ்வளவு, மாறும் பகுதி எவ்வளவு?" என்ற இரு வினாக்கள் போதும். "நீங்கள் எதிர்பார்ப்பது எவ்வளவு?" என்று திருப்பிக் கேட்டால், "பணியின் பொறுப்பையும் வரம்பையும் அறிந்த பின் சொல்கிறேன்" என்பது பண்புக்குக் குறைவான விடையாகாது. இரண்டாம் முறையும் சொல்ல மறுத்தால், நாமே நிலையான ஊதியத்தில் ஓர் எண்ணைக் குறிப்பிட்டு, அதற்குக் குறைந்தால் வர இயலாது என்று தெரிவித்துவிடலாம்.

விடை வந்த பின் அதைப் படிக்கவும் தெரிய வேண்டும். 10 முதல் 14 இலட்சம் என்றால் 14 நமக்கென்று கொள்ளலாகாது. அரசு அட்டவணையைப் போலவே மேல்முனை பெரும்பாலும் அப்பணியில் முதிர்ந்தவர்க்கு உரியது. புதியவரைக் கீழ்முனைக்கும் நடுவுக்கும் இடையில் அமர்த்துவதே வழக்கம். 8 முதல் 25 என்று அகன்று விரிந்தால், இரண்டு மூன்று பதவி நிலைகளை ஒன்றாகக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். எந்த நிலைக்கு நம்மைக் கருதுகிறார்கள் என்று கேட்க வேண்டும். மாறும் ஊதியம் என்றால், சென்ற இரண்டாண்டுகளில் நூற்றுக்கு எத்தனை பங்கு உண்மையில் வழங்கப்பட்டது என்று கேட்பது நலம்.

அந்தப் பெண் இந்தக் கடைசி வினாவைப் பெங்களூருக்கு எழுதினாள். சென்ற ஆண்டு நூற்றுக்கு 60 பங்கே கொடுத்ததாக விடை வந்தது. மொத்தத்தை உயர்த்தவும் இயலாது என்றார்கள். மரியாதையாக மறுத்துவிட்டாள். உறவினர்களுக்கு என்ன சொல்வது என்பதுதான் தந்தையாரின் கவலையாக இருந்தது.

சென்ற வாரம் நவி மும்பையில் ஒரு கம்பெனியிலிருந்து அவளுக்குத் தொலைபேசி வந்ததாம். இம்முறை அவள்தான் முதலில் கேட்டாள். அலுவலர் சிறிதும் முகஞ்சுளிக்காமல், நிலையான பகுதி மட்டும் 10 முதல் 12 இலட்சம் என்று சொல்லியிருக்கிறார். வரும் செவ்வாயன்று நேர்முகம். அன்பர் நேற்று வந்து, அன்று நாம் கணக்கிட்ட தாளைக் கேட்டு வாங்கிச் சென்றார்.