சொந்தக் காரா, வாடகைக் காரா?

சென்னையில் மாதம் 500 கிலோமீட்டர், அதாவது ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் பயணிக்கும் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம்.

7 லட்சத்துக்கு வாங்கிய சிறிய பெட்ரோல் கார் ஏழு ஆண்டு கழித்து 2.8 லட்சத்துக்கு விலைபோனால், தேய்மானம் மட்டும் ஆண்டுக்கு 60,000 ரூபாய். காப்பீடு, சர்வீஸ், டயர், பேட்டரிக்கு 30,000. காரில் முடங்கிய பணம் வங்கியில் ஈட்டியிருக்கும் வட்டி சுமார் 35,000. வண்டி நகராவிட்டாலும் இந்த 1,25,000 ரூபாயில் பெரும்பகுதி செலவாகிவிடும். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடினால், 100 ரூபாய் விலையில் பெட்ரோல் 40,000. மொத்தம் 1,65,000.

வாடகைக் காருக்குக் கிலோமீட்டருக்குச் சராசரியாக 22 ரூபாய் என்றால் 1,32,000தான். 33,000 மிச்சம். மாதம் சுமார் 680 கிலோமீட்டரைத் தாண்டினால்தான் சொந்தக் கார் லாபம்.

உங்கள் சராசரியை அறிய, மூன்று மாத ரசீதுகளின் மொத்தத் தொகையைக் கிலோமீட்டரால் வகுங்கள். செயலி முதலில் காட்டும் கட்டணத்தை நம்பாதீர்கள். மழை நாளிலும் நெரிசல் நேரத்திலும் அது ஏறும். சராசரி 28 ரூபாயைத் தொட்டால், 500 கிலோமீட்டரிலேயே சொந்தக் கார் முந்திவிடும்.