‘டெலிவர்டு’ ஆன பார்சல் எங்கே?

மதுரையில் வீட்டிலிருந்தபடி சுங்குடிச் சேலை விற்கும் ஒரு பெண்மணி, சென்னை வாடிக்கையாளருக்கு 1,450 ரூபாய் சேலையை கொரியரில் அனுப்பினார் என்று வைத்துக்கொள்வோம். மாலை 4.52-க்கு ‘டெலிவர்டு’ என்று ட்ராக்கிங் காட்டுகிறது. ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் கோபமாக ஒரு செய்தி: ‘பார்சல் வரவே இல்லை.’

பலர் உடனே ட்ராக்கிங் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ‘வந்துவிட்டதாகக் காட்டுகிறதே’ என்று அனுப்பிவிடுகிறார்கள். ‘பொய் சொல்கிறாயா?’ என்றுதான் அது எதிர்முனையில் கேட்கும். டெலிவரி செய்பவர் தன் போனில் ஒரு பொத்தானை அழுத்தினார் என்பதற்கு மேல் ‘டெலிவர்டு’ எதையும் நிரூபிப்பதில்லை. அன்றைய கணக்கை முடிப்பதற்காகக் கொடுக்காத பார்சலையும் கொடுத்ததாகப் பதிந்துவிட்டு, மறுநாள் கொண்டுவந்து நீட்டுவதும் நடக்கிறது.

அவர் இப்படி எழுதலாம்:

‘வணக்கம் அக்கா. பார்சல் உங்கள் கைக்கு வரவில்லை என்று கொரியரில் இப்போதே புகார் கொடுத்துவிட்டேன். யாரிடம், எங்கே கொடுத்தார்கள் என்பதற்கான டெலிவரி சான்றும் கேட்டிருக்கிறேன். லேபிளில் உள்ள முகவரியைப் படம் எடுத்து அனுப்புகிறேன், சரிபாருங்கள். செக்யூரிட்டியிடமும் பக்கத்து வீட்டிலும் ஒரு வார்த்தை கேளுங்கள். வியாழன் மாலை ஆறு மணிக்குள் நானே தகவல் சொல்கிறேன். அதற்குள் கிடைக்கவில்லை என்றால் வேறு சேலையா, பணமா, உங்கள் விருப்பம். கொரியர் ஆபீஸ் என்று சொல்லி யாராவது லிங்க் அனுப்பினால் தொடாதீர்கள்.’

புகாரை அவரே கொடுப்பதற்குக் காரணம் உண்டு. கொரியருக்குப் பணம் கட்டியவர் அவர். ரசீதும் அவரிடம்தான் இருக்கிறது. வாடிக்கையாளர் போன் செய்தால், ‘அனுப்பியவரைப் பேசச் சொல்லுங்கள்’ என்பார்கள். கடைசி வரியும் வீணல்ல. காணாமல்போன பார்சலைத் தேடுபவர் இணையத்தில் கிடைக்கும் போலி உதவி எண்ணில் சிக்குவது சுலபம்.

டெலிவரி சான்று வந்ததும் வாங்கியவர் பெயரையும் கையெழுத்தையும், இருந்தால் படத்தையும் பார்க்க வேண்டும். நம் உதாரணத்தில் படத்தில் ஒரு நீலக் கேட் தெரிகிறது. வாடிக்கையாளர் இருப்பதோ அடுக்குமாடிக் குடியிருப்பு. சென்னையில் பல தெருக்களில் பழைய எண், புதிய எண் என்று கதவுக்கு இரண்டு எண்கள். லேபிளில் வெறும் ‘14’ என்று இருந்தால், ஒருவரின் பழைய 14-க்குப் போக வேண்டிய சேலை இன்னொருவரின் புதிய 14-இல் இறங்கிவிடும். படத்தைக் கண்டதும் வாடிக்கையாளரே, ‘அட, இது நாலு வீடு தள்ளி இருக்கிற வீடு’ என்பார்.

படம் இல்லாமல் வெறும் கிறுக்கல் கையெழுத்து மட்டும் வந்தால் சிக்கல்தான். ரசீதின் பின்பக்கப் பொடி எழுத்தில் கொரியரின் பொறுப்பு பெரும்பாலும் ஒரு சொற்பத் தொகையோடு நிற்கும். இன்ஷூரன்ஸ் போடாதிருந்தால் மிச்ச நஷ்டம் விற்றவர் தலையில். அப்போதும் வாடிக்கையாளருக்குச் சொன்ன வியாழனைத் தள்ளிப்போடக் கூடாது. கொரியருடனான வழக்கு வாரக்கணக்கில் இழுத்தாலும் அது விற்றவர் பாடு.