பல்துறை மருத்துவக் குழுவின் கூட்டக் குறிப்பு: நோயாளியும் உடனிருப்போரும் அறிய வேண்டியவை

புற்றுநோய்க்கான சிகிச்சையை ஒரே மருத்துவர் தனித்து முடிவு செய்வதில்லை. அறுவை மருத்துவர், கதிர்வீச்சு மருத்துவர், புற்றுநோய் மருந்தியல் மருத்துவர், நோய்க்குறியியல் மருத்துவர் முதலியோர் ஒன்றுகூடி நோயாளியின் அறிக்கைகளை ஆராய்கின்றனர். மருத்துவமனைகளில் இதனை 'டியூமர் போர்டு' என்பர். பெரும்பாலும் நோயாளி இக்கூட்டத்தில் இருப்பதில்லை. ஆகவே, அங்கு எடுக்கப்பட்ட முடிவு அவரை வந்தடைவது கூட்டக் குறிப்பின் வழியாகவே.

குறிப்பில் இடம்பெற வேண்டியவை

யார் என்ன பேசினார் என்பதை முழுவதும் எழுத வேண்டியதில்லை. எந்த அறிக்கைகளின் அடிப்படையில் என்ன முடிவு எடுக்கப்பட்டது, அதற்குக் காரணம் என்ன, ஒவ்வொரு பணிக்கும் பொறுப்பாளர் யார், எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்பன தெளிவாக இருக்க வேண்டும். முடிவை நோயாளிக்கு யார் தெரிவிப்பார் என்பதும் பதிவாக வேண்டும். மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தால் அதுவும் குறிக்கப்படும்.

ஓர் எடுத்துக்காட்டு

கன்னத்தின் உட்புறத்தில் புற்றுநோய் கண்ட ஒருவருக்கு மார்ச் 3 அன்று அறுவை சிகிச்சை நடந்ததாகக் கொள்வோம். நோய் கழுத்திலுள்ள நிணநீர்க்கணுவின் உறையைத் தாண்டிப் பரவியிருப்பதாகத் திசு ஆய்வு அறிக்கை கூறுகிறது. மார்ச் 19 அன்று குழு கூடி, கதிர்வீச்சுடன் சிஸ்பிளாட்டின் மருந்தும் தரலாம் என முடிவு செய்கிறது.

இத்தகைய நிலையில் அறுவை சிகிச்சை முடிந்த 6 வாரங்களுக்குள் கதிர்வீச்சைத் தொடங்குவதே நோக்கம். காலம் தாழ்ந்தால் நோய் மீண்டும் வரும் வாய்ப்பு கூடும். எனவே இந்நோயாளிக்கு எல்லை ஏப்ரல் 14. மற்றத் தேதிகள் யாவும் இதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடப்படுகின்றன.

கதிர்வீச்சுக்கு முன் சொத்தைப் பற்களை அகற்ற வேண்டும். அந்தப் புண் ஆற ஏறத்தாழ 2 வாரங்கள் தேவை. ஆறாத புண்ணுள்ள இடத்தில் கதிர் பட்டால் பின்னாளில் தாடை எலும்பு சிதையும் அபாயம் உண்டு. சிஸ்பிளாட்டின் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய மருந்து என்பதால் அதற்கான இரத்தப் பரிசோதனையும் முன்னரே முடிந்திருக்க வேண்டும். இவற்றைக் கணக்கிற்கொண்டு குறிப்பு பின்வருமாறு அமையும்:

- சொத்தைப் பற்களை அகற்றுதல்: பல் மருத்துவர், மார்ச் 24-க்குள்.
- சிறுநீரகச் செயல்பாட்டுப் பரிசோதனை: மருந்தியல் மருத்துவர், மார்ச் 26-க்குள்.
- முகமூடி அச்சும் திட்டமிடல் சி.டி. ஸ்கேனும்: கதிர்வீச்சு மருத்துவர், மார்ச் 31.
- கதிர்வீச்சுத் தொடக்கம்: கதிர்வீச்சு மருத்துவர், ஏப்ரல் 8.
- நோயாளிக்கும் குடும்பத்தினருக்கும் விளக்குதல்: அறுவை மருத்துவர், மார்ச் 20.

உண்மையான குறிப்பில் ஒவ்வொரு பதவியோடும் மருத்துவரின் பெயரும் எழுதப்பட வேண்டும்.

எங்கே தவறு நேர்கிறது?

"பல் மருத்துவரின் கருத்தைப் பெறவும்" என்று மட்டும் எழுதியிருந்தால், சீட்டு எழுதித் தருபவர் யார், எந்த நாளில் செல்வது என்பது ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு துறையும் மற்றொரு துறை பார்த்துக்கொள்ளும் என எண்ணிவிடும். பல் அகற்றுதல் ஒரு வாரம் தள்ளி மார்ச் 31-இல் நடந்தால், புண் ஆறும்போது ஏப்ரல் 14 வந்துவிடும். அதன்பின் ஒரு நாள்கூட மிச்சமிராது. பெயரும் தேதியும் இல்லாத பணி நிறைவேறாமல் போகக்கூடும் என்பதற்கு இதுவே அடையாளம்.

நீங்கள் செய்ய வேண்டியவை

கூட்டம் முடிந்தபின் உங்கள் மருத்துவரிடம் முடிவையும் அதன் காரணத்தையும் கேளுங்கள். அடுத்த பணிகள், அவற்றுக்குப் பொறுப்பானவர்கள், தேதிகள் ஆகியவற்றை உங்கள் குறிப்பேட்டிலோ வெளிநோயாளர் சீட்டிலோ எழுதித் தரக் கோருங்கள். ஒரு தேதி தவறினால் அடுத்த முறை வரும்வரை காத்திராமல், உடனே பொறுப்பாளரிடம் தெரிவியுங்கள். பின்வரும் தேதிகளையும் மாற்றியமைக்க வேண்டியிருக்கலாம்.

குழுவின் முடிவு ஒரு பரிந்துரையே. உங்கள் ஒப்புதலின்றிச் சிகிச்சை தொடங்கப்படமாட்டாது. நாள்தோறும் வந்துபோக இயலாமை, வேறு நோய்கள், உட்கொண்டுவரும் மருந்துகள் போன்றவை கூட்டத்தில் தெரியாமல் போயிருக்கலாம். அவற்றைக் கூறுங்கள். பரிசோதனை முடிவு எதிர்பார்த்தபடி அமையாவிட்டாலும், நீங்கள் பரிந்துரையை ஏற்காவிட்டாலும், குழு மீண்டும் ஆராய்ந்து, மாற்றிய முடிவையும் அதன் காரணத்தையும் புதிய தேதியுடன் பதிவு செய்ய வேண்டும்.